சென்னையில் நள்ளிரவுக்குப் பிறகு இறங்குபவர்கள் டாக்சிக்கு எந்தத் தேதி சொல்வீர்கள்?

வணக்கம். கோலாலம்பூரிலிருந்து அம்மா தனியாகச் சென்னை போகிறார். டிக்கெட்டில் 25ஆம் தேதி இரவு 10.40க்குப் புறப்பாடு, 26ஆம் தேதி 12.10க்கு இறக்கம். ஒன்றரை மணி நேரப் பயணம்தானே என்கிறார் அப்பா. இல்லை, பறப்பது நான்கு மணி நேரம். இறங்கும்போது இங்கே விடியற்காலை 2.40, இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால் அங்கே 12.10. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள்.

கைப்பேசி நாட்காட்டியில் 12.10 என்று இங்கிருந்தே பதிந்தால் அது மலேசிய நேரமாகிவிடும். அங்கே போனதும் 25ஆம் தேதி இரவு 9.40 என்று காட்டும். அதனால் இறங்கும் நேரத்துக்கு மட்டும் இந்திய நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

சரி, இப்போது டாக்சிதான் கவலை. 26 இரவு என்று சொன்னால் ஓட்டுநர் ஒரு நாள் தாமதமாக வந்து நிற்பாரோ? “25 இரவு விடிந்தால் 26” என்று சொல்வது போதுமா? குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிய அந்த நேரத்தில் எவ்வளவு ஆகும்? அண்மையில் போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.