பெரிய வீட்டுச் சொந்தங்கள் குழு: ஒற்று எங்கே மிகும்?

மாதவன்: சித்ரா அத்தை, ஒரு உதவி. நிலாவுக்குத் தமிழ்த் தேர்வில் ஒற்றுப் பிழைக்கே நிறைய மதிப்பெண் போயிருக்கிறது. "செய்துக் கொடுத்தான்", "வந்தப் பையன்" என்று எழுதியிருக்கிறாள். விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்லட்டுமா, இல்லை நிறையப் படித்தால் தானாக வந்துவிடுமா?

பெரியப்பா: இதில் என்ன குழப்பம்? நன்னூலில் ஒரே வரி. "இயல்பினும் விதியினும் நின்ற உயிர்முன் க ச த ப மிகும்." விதி முதலில், உதாரணம் அப்புறம். நாங்கள் அப்படித்தான் படித்தோம்.

சித்ரா அத்தை: அண்ணா, நூற்பாவின் வாலை விட்டுவிட்டீர்களே. "விதவாதன மன்னே" என்று முடியும். வேறு விதி சொல்லாத இடங்களுக்குத்தான் இது பொருந்தும். நீங்கள் சொன்ன அளவோடு நிறுத்தினால், 'வந்த' உயிரில்தானே முடிகிறது? நிலா எழுதிய "வந்தப் பையன்" சரியாகிவிடும்!

பெரியப்பா: வால் நினைவில் இருக்கிறது. சுருக்கிச் சொன்னேன்.

செல்வி சித்தி: நம் தெருவில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்கள். நிலாவைச் சேர்க்கலாமே?

மாதவன்: இது தமிழ் இலக்கணம் சித்தி 😄

சித்ரா அத்தை: மாதவா, அந்த இரண்டு பிழையும் வேறு வேறு. 'செய்து' வகையை அவளே கண்டுபிடிக்கட்டும். இந்த இரண்டு வரிசையை மட்டும் எழுதிக் கொடு:

எடுத்துக் கொடு, கேட்டுச் சொல், பார்த்துப் போ, விற்றுத் தா
வந்து போ, செய்து கொடு, நின்று பேசு, வாழ்ந்து காட்டு

மேல் வரிசையில் ஏன் ஒற்று, கீழே ஏன் இல்லை என்று கேள். எங்கே பார்க்க வேண்டும் என்று நீ சொல்லாதே.

மாதவன்: இந்தச் சொற்கள்தான் வேண்டுமா? நானே நாலைந்து எழுதிக்கொள்ளலாமா?

சித்ரா அத்தை: அங்கேதான் கோளாறு வரும். மேலே எடுத்து, பார்த்து, படித்து, கீழே வந்து, நின்று, செய்து என்று மட்டும் கொடுத்தால், "பெரிய சொல்லுக்கு ஒற்று வரும், சின்னதுக்கு வராது" என்று விதி கட்டிவிடுவார்கள். வகுப்பில் பார்த்திருக்கிறேன். கொடுத்த உதாரணத்துக்கு அதுவும் பொருந்துமே! அதனால்தான் மேலே 'விற்று' என்ற சின்னதையும் கீழே 'வாழ்ந்து' என்ற பெரியதையும் கலந்தேன்.

ரேவதி: அத்தை, நான் இதற்கு எதிர்க்கட்சி. ஜெர்மன் வகுப்பில் எல்லாவற்றையும் "நீங்களே கண்டுபிடியுங்கள்" என்கிறார்கள். ட்சைட்டுங், வோனுங் மாதிரி 'உங்' ஒட்டு வந்த பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'டி' என்ற பெண்பால் சொல்லைப் போட வேண்டும் என்று அரை நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். பாதி வகுப்பு அதிலேயே போனது. டியூட்டி முடிந்து வருகிறவளுக்கு விடுகதையா?

சித்ரா அத்தை: உன் கோபம் நியாயம்தான். ஒரு வரியில் அடங்கி, விலக்கும் இல்லாத விதி என்றால் சொல்லிவிடலாம். பரீட்சை நெருங்கினாலும் அப்படித்தான்.

மாதவன்: நிலா சொல்கிறாள்: "த்து, ட்டு, ற்று என்று முடிந்தால் ஒற்று வருகிறது. ந்து, ன்று, ய்து என்றால் இல்லை."

சித்ரா அத்தை: பலே! ஆனால் அதோடு விடாதே, பட்டியலில் இல்லாததைக் கொடு. "கண்டு பேசினான்", "பெற்று கொண்டான்", "அழுது தீர்த்தான்". ஒற்றில்லாமல் எழுதித் திருத்தச் சொல். 'பெற்று'க்கு மட்டும் ஒற்றுப் போட்டால் பிடித்துவிட்டாள். 'கண்டு'க்கும் போட்டால், எழுத்தைப் பார்க்காமல் 'டு' ஓசையை வைத்து ஊகிக்கிறாள் என்று அர்த்தம்.

பெரியப்பா: இந்த த்து, ட்டு, ற்று முடிவுக்கு வன்றொடர்க் குற்றியலுகரம் என்ற பெயர் உண்டு என்று எப்போது சொல்வாய்? வினாத்தாளில் அதைத்தானே கேட்பார்கள்?

சித்ரா அத்தை: கண்டுபிடித்த பிறகு. முதலிலேயே சொன்னால் பெயரை மனப்பாடம் செய்வாள், ஒற்றைக் கவனிக்க மாட்டாள்.

பெரியப்பா: எனக்குச் சம்மதமில்லை. பெயர் தெரிந்தால்தான் நினைவில் நிற்கும்.

மாதவன்: சரி, "வந்தப் பையன்"? அதற்கும் இரண்டு வரிசையா?

சித்ரா அத்தை: வேண்டாம், அதையும் உதாரணத்திலிருந்து அவளே விதியைக் கண்டுபிடிக்கட்டும் என்று விதிவருமுறையில் விட்டால் மாட்டிக்கொள்வாள். அந்தப் பையன், வந்த பையன். இரண்டும் 'ந்த' என்றே முடிகின்றன. எழுத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் அங்கே இல்லை, சொல்லின் வகையில் இருக்கிறது. இப்போது எழுத்தைப் பார்த்து ஜெயித்த கையோடு இங்கேயும் எழுத்தைத்தான் தேடுவாள். அதனால் முதலிலேயே சொல்லிவிடு: வந்த, படித்த, ஓடிய மாதிரி செயலிலிருந்து வந்த சொல்லுக்குப் பின் ஒற்று வேண்டாம். அந்த, இந்த, எந்த மூன்றுக்கும் வேண்டும். அப்புறம் செய்தித்தாளில் ஒரு பத்தியைக் கொடுத்துத் தேடச் சொல்.

மாதவன்: அவள் உடனே கேட்கிறாள்: "நல்ல பையன்" என்பதில் நல்ல என்ன செயல்?

பெரியப்பா: 😂 கேளம்மா, நன்றாகக் கேள்!

சித்ரா அத்தை: செயல் இல்லைதான், ஆனாலும் மிகாது. நல்ல, பெரிய, சிறிய எல்லாம் அப்படியே. விதியை மாற்றித்தான் சொல்ல வேண்டும். இருங்கள், அடுப்பில் பால் இருக்கிறது, வந்து எழுதுகிறேன்.