‘லாங்கஸ்ட் பிரீஃபிக்ஸ் மேட்ச்’: தமிழில் என்ன சொல்லலாம்?

மங்கை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்குத் தமிழில் ஒரு செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். திசைவி எப்படி வழி தேடுகிறது என்ற பாடத்தில் நின்றுவிட்டேன். பட்டியலில் ஒரே முகவரிக்குப் பொருந்தும் வழிகள் பல இருக்கலாம். அவற்றில் பிரீஃபிக்ஸ் நீளமாக இருப்பதையே திசைவி எடுக்கும். இதற்கு ‘மிகநீண்ட முன்னொட்டுப் பொருத்தம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சொல் சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வேறு எதையோ புரிந்துகொள்கிறார்கள். அந்தத் தேடலுக்குப் பயன்படும் ‘பைனரி ட்ரை’க்கும் ஒரு பெயர் வேண்டும்.

அமலன் எழுதியது:

அக்கா, உங்கள் சொல்லே நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம். நான் இதை நிரலாகவே எழுதியிருக்கிறேன். முகவரியை 32 பிட்டுகளாக விரித்துக்கொள்ள வேண்டும். வேரிலிருந்து தொடங்கி, 0 என்றால் இடக்கிளை, 1 என்றால் வலக்கிளை. போக முடிந்தவரை இறங்க வேண்டும். எந்த வழியோடு அதிகப் பிட்டுகள் ஒத்துப்போகின்றனவோ அந்த வழியே விடை. பொருத்தம் நீளமாக இருப்பது வெற்றி பெறுகிறது. ‘மிகநீண்ட பொருத்தம்’ என்று இன்னும் சுருக்கினாலும் போதும்.

கதிரேசன் எழுதியது:

தம்பி அமலன், இறங்கும் விதத்தைச் சரியாகச் சொன்னீர்கள். கடைசி வரியில்தான் பிழை இருக்கிறது, அது நம் சொல்லோடு நேராகத் தொடர்புடைய பிழை. ஒரு சிறிய பட்டியலை வைத்துப் பார்ப்போம்.

```
10.1.0.0/16   -> A
10.1.2.0/24   -> B
```

10.1.3.5 என்ற முகவரிக்குப் பொதி வருகிறது. எந்தப் பக்கம் போகும்? முதல் 16 பிட்டுகள் இரண்டு வழிகளுக்கும் பொதுவானவை. மூன்றாம் எண்ணில் 2 என்பது 00000010, 3 என்பது 00000011. அதிலும் முதல் ஏழு பிட்டுகள் ஒன்றே. ஆக B-யோடு ஒத்துப்போவது 23 பிட்டுகள், A-யோடு 16 பிட்டுகள். நீங்கள் சொன்ன விதிப்படி B தான் விடையாக வர வேண்டும். ஆனால் சரியான விடை A. B-க்கு 24 பிட்டுகளும் ஒத்துப்போக வேண்டும். 23 ஒத்து ஒன்று தவறினால் B போட்டியிலேயே இல்லை.

இனி மரத்தில் நடந்து பாருங்கள். 16ஆம் ஆழத்தில் ஒரு கணு இருக்கிறது, அதில் A என்று எழுதியிருக்கிறது. அங்கிருந்து 17, 18 என்று 23ஆம் ஆழம்வரை கணுக்கள் உண்டு. அவற்றில் எதுவும் எழுதியில்லை, B-யைச் சென்றடைவதற்கான வெறும் படிகள் அவை. 23ஆம் கணுவுக்கு 0 கிளை மட்டும்தான் இருக்கிறது, நம் முகவரியோ 1 கேட்கிறது. இறங்க இடமில்லை. இந்த இடத்தில் நிற்கும் கணுவிடம் வழி கேட்டால் வெறுங்கைதான் கிடைக்கும். வரும் வழியில் கடைசியாக எழுத்து இருந்த கணு எது என்று நினைவில் வைத்திருக்க வேண்டும்.

```
best = root.route
node = root
for bit in bits(addr):
    node = node.child[bit]
    if node is None:
        break
    if node.route is not None:
        best = node.route
return best
```

`best` என்ற அந்த ஒரு மாறியை விட்டுவிட்டு, நின்ற கணுவின் `route`-ஐத் திருப்பித் தருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நிரல் முதலில் ஒழுங்காக ஓடுவதுபோலவே தெரியும். 10.1.0.0/16 மட்டும் இருக்கும்வரை, இறங்க இடமில்லாமல் நிற்பது A எழுதிய கணுவிலேயேதான். யாராவது பக்கத்து வலையமைப்புக்காக /24 ஒன்றைச் சேர்த்த நாளில், அதோடு சம்பந்தமே இல்லாத 10.1.3.5 காணாமல் போகும். புதிய வழி சேர்த்ததும் அண்டை முகவரி விழுந்தால் இந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மங்கை அம்மா, உங்கள் மாணவர்கள் வேறு எதையோ புரிந்துகொள்வதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். நீளமாக இருக்க வேண்டியது முன்னொட்டு, பொருத்தம் அல்ல. உங்கள் சொல்லில் ‘மிகநீண்ட’ எதைத் தழுவுகிறது?

சொக்கலிங்கம் எழுதியது:

கணினி நான் அறியேன், பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆனால் கதிரேசன் கடைசியில் கேட்டது இலக்கணக் கேள்வி, அதற்கு விடை சொல்ல முடியும். ‘மிகநீண்ட முன்னொட்டுப் பொருத்தம்’ என்பதில் ‘முன்னொட்டுப் பொருத்தம்’ தொகையாகி ஒரே பெயராய் நிற்கிறது. முன்னே தனித்து வரும் பெயரெச்சம், பெரும்பாலும் அந்தத் தொகையின் தலைச்சொல்லையே போய்ப் பற்றும். ‘பெரிய வீட்டுத் திண்ணை’ என்றால் பெரியது வீடா திண்ணையா என்று கேட்பவர் தயங்குவார், பலர் திண்ணை என்பார்கள். அமலன் தம்பி தவறாகப் படிக்கவில்லை, சொல் காட்டிய வழியில் போயிருக்கிறார்.

இன்னொன்று. ‘பொருத்தம்’ என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்க் காது திருமணப் பொருத்தத்துக்குப் போகும். பத்தில் ஏழு பொருந்தினால் போதும் என்று சம்பந்தம் பேசுகிறோம். கதிரேசன் சொல்வதைப் பார்த்தால், இங்கே 24-இல் 23 பொருந்தினாலும் பொருந்தாதது என்றே கணக்கு. கூடக் குறைய என்ற பேச்சுக்கு இடம் தரும் சொல், முழுமையாகப் பொருந்தியே தீர வேண்டிய இடத்துக்கு உதவாது.

‘முன்னொட்டு’ என்பதிலும் எனக்கு மனத்தடை உண்டு. ஒட்டு என்பது முழுச்சொல் ஒன்றின்மேல் வெளியிலிருந்து வந்து சேர்வது. 10.1 என்பது முகவரிக்கு வெளியிலிருந்து வந்ததா, முகவரியின் முதற்பகுதியேவா?

கதிரேசன் எழுதியது:

முகவரியின் முதற்பகுதியேதான், ஐயா. /16 என்றால் இடப்பக்கமிருந்து 16 பிட்டுகள். எதுவும் ஒட்டப்படவில்லை.

ரஹீமா எழுதியது:

இந்த இழையைப் படித்ததும் என் தொல்லை ஒன்று நினைவுக்கு வந்தது, இதற்குத் தொடர்புண்டா தெரியவில்லை. வீட்டிலிருந்து அலுவலக விபிஎன் வழியாக வேலை செய்கிறேன். எல்லாம் திறக்கிறது, 192.168.1.20 என்ற கோப்புச் சேவையகம் மட்டும் திறப்பதில்லை. விபிஎன் 192.168.0.0/16 முழுவதற்கும் வழி தருகிறது. அதன் மெட்ரிக் எண்ணைக் குறைத்தால் முன்னுரிமை கிடைக்கும் என்றார்கள், குறைத்தும் பார்த்துவிட்டேன். இதுதான் வருகிறது:

```
$ ip route get 192.168.1.20
192.168.1.20 dev wlan0 src 192.168.1.7 uid 1000
```

கதிரேசன் எழுதியது:

நேரான தொடர்பு உண்டு. உங்கள் வீட்டு வைஃபை 192.168.1.0/24 என்ற வழியைத் தானாகப் போட்டிருக்கும். சேவையகத்தின் முகவரி இரண்டுக்கும் முழுதாகப் பொருந்துகிறது, ஆனால் 24 பிட், 16 பிட்டைவிட நீளம். அதனால் பொதி உங்கள் வீட்டுக்குள்ளேயே சேவையகத்தைத் தேடுகிறது, `dev wlan0` என்பது அதைத்தான் காட்டுகிறது. மெட்ரிக் ஒரே முன்னொட்டும் ஒரே நீளமும் உள்ள வழிகளுக்கு இடையில்தான் பேசும். /24-க்கும் /16-க்கும் நடுவே அதை யாரும் கேட்பதில்லை.

உடனடித் தீர்வு, அந்த ஒரு முகவரிக்கு இன்னும் நீளமான வழி கொடுப்பது. உங்கள் விபிஎன் இடைமுகத்தின் பெயர் `tun0` என்றால்:

```
sudo ip route add 192.168.1.20/32 dev tun0
```

வீட்டிலேயே .20 என்ற முகவரியில் ஏதாவது கருவி இருந்தால் இனி அதை அடைய முடியாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிலையான தீர்வு, வீட்டுத் திசைவியில் முகவரி வரம்பையே 192.168.77.0/24 போல வேறாக மாற்றிவிடுவது.

அமலன் எழுதியது:

கதிரேசன் அண்ணா, என் பழைய நிரலை எடுத்து 10.1.3.5 கொடுத்துப் பார்த்தேன். வழியில்லை என்றே வந்தது. `best` இல்லாமல்தான் எழுதியிருக்கிறேன், இப்போது திருத்திவிட்டேன்.

சொல்லுக்கு வருகிறேன். ‘நீளம்’ என்பதுதான் குழப்புகிறது என்றால், ‘சிறந்த பொருத்தம்’ என்று சொல்லிவிடலாமே? நிரலிலேயே மாறியின் பெயர் `best` தானே.

கதிரேசன் எழுதியது:

‘சிறந்த’ என்ற சொல்லை மட்டும் நான் ஏற்க மாட்டேன், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூட்யூபைத் தடுக்க 208.65.153.0/24 என்ற வழியைப் போட்டது. நாட்டுக்குள் நிற்க வேண்டிய அந்த அறிவிப்பு, மேலே இணைப்புத் தரும் நிறுவனம் வழியாக உலகம் முழுவதும் பரவியது. யூட்யூப் அன்று அறிவித்துக்கொண்டிருந்தது 208.65.152.0/22. அறிவிப்பு சென்றடைந்த திசைவிகளின் மரத்தில் 22ஆம் ஆழத்தில் யூட்யூப், இரண்டு படி கீழே 24ஆம் ஆழத்தில் பாகிஸ்தான் டெலிகாம். திசைவிகள் ஆழமானதை எடுத்தன. யார் உரியவர், எது உண்மை என்பதையெல்லாம் அந்தத் தேடல் பார்ப்பதில்லை. பிறகு யூட்யூப் தானும் அதே /24-ஐ அறிவித்தது. அது சமநிலைதான், சில திசைவிகள் இந்தப் பக்கமும் சில அந்தப் பக்கமும் நின்றன. அடுத்து 208.65.153.0/25, 208.65.153.128/25 என்று இரண்டாகப் பிரித்து அறிவித்தது. இன்னும் ஒரு படி கீழே இரண்டு கிளைகளும் யூட்யூப் கைக்கு வந்ததால், அவை சென்றடைந்த இடங்களிலெல்லாம் பொதிகள் திரும்பின. மேல் இணைப்பு நிறுவனம் தவறான அறிவிப்பை விலக்கிய பிறகே பிரச்சினை தீர்ந்தது, மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அன்று வென்ற /24-ஐச் ‘சிறந்தது’ என்று ஒரு மாணவருக்கு எப்படிச் சொல்வது? அது நீளமானது, அவ்வளவே. நீளம் என்ற சொல் கட்டாயம் வேண்டும்.

சொக்கலிங்கம் எழுதியது:

அப்படியானால் நீளத்தை முதற்பகுதியோடு பிரிக்க முடியாதபடி சேர்த்துவிடுங்கள். ‘நெடுமுற்பகுதித் தேர்வு.’ நெடுமை பண்புத்தொகையாய் முற்பகுதியோடு ஒன்றிவிட்டது, ‘தேர்வு’ என்பதைப் போய்ப் பற்றாது. பொருத்தமும் போய்விட்டது. பொருந்தியவற்றுக்குள் தேர்வது என்பதை விளக்கத்தில் ஒரு வரியில் சொல்லிக்கொள்ளலாம். முதலில் ‘முற்கூறு’ என்று எழுதினேன், அது ‘முன்கூட்டியே சொல்’ என்ற பொருளும் தருவதால் அடித்துவிட்டேன்.

மங்கை எழுதியது:

ஐயா, ‘நெடுமுற்பகுதித் தேர்வு’ எனக்குப் பிடித்திருக்கிறது. நாளைய வகுப்பில் 10.1.3.5 கணக்கோடு சேர்த்துச் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் ‘முன்னொட்டு’ ஏற்கெனவே பல சொற்பட்டியல்களில் ஏறிவிட்டது. மாணவர் வெளியே தேடினால் அதுதான் கிடைக்கும். அதை முழுதாகக் கைவிட எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

‘ட்ரை’ அப்படியே நிற்கிறது. ‘இரும மரம்’ என்றால் பைனரி ட்ரீக்கு ஏற்கெனவே அந்தப் பெயர்தான். இரண்டும் ஒன்றல்ல. அங்கே கணுவுக்குள் மதிப்பு இருக்கும். இங்கே வேரிலிருந்து கணுவுக்கு வந்த பாதையே மதிப்பு.

அமலன் எழுதியது:

‘ட்ரை’ என்றே எழுதிவிடலாம் அக்கா.

கதிரேசன் எழுதியது:

1960-இல் அந்தப் பெயரை வைத்த எட்வர்ட் ஃபிரெட்கின், ‘ரிட்ரீவல்’ என்ற சொல்லின் நடுவிலிருந்து எடுத்து ‘ட்ரீ’ என்றே உச்சரித்தார். மரத்தோடு குழம்புகிறது என்று மற்றவர்கள் ‘ட்ரை’ ஆக்கினார்கள். ஆங்கிலத்தில் எழுத்து வேறுபாட்டைக் காப்பாற்றிவிடும். நாம் ஒலியைத்தான் எழுதுகிறோம், ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். ‘முற்பகுதி மரம்’ என்று வைத்தால் பாதையே மதிப்பு என்பது பெயரிலேயே வந்துவிடும், ‘இரும முற்பகுதி மரம்’ என்றால் கிளை இரண்டு என்பதும் வந்துவிடும்.

சொக்கலிங்கம் எழுதியது:

நீளமாக இருக்கிறது. பாதைதான் மதிப்பு என்றால் ‘தடமரம்’ போதாதா? கதிரேசன், ஒற்றைக் கிளையாக நீளும் வெறும் படிகளைச் சுருக்கி மடக்கும் வகையும் உண்டு என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அப்படி மடக்கினால் தடத்தில் சில பிட்டுகள் காணாமல் போகுமே, அப்போதும் இந்தப் பெயர் செல்லுமா?

கதிரேசன் எழுதியது:

நல்ல கேள்வி, ஐயா. மடக்கிய மரத்தில் தாண்டிப்போன பிட்டுகளைப் பிறகு முழு முற்பகுதியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். தடம் மட்டும் போதாது. ‘தடமரம்’ அங்கே பாதி உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் வரைந்து அனுப்புகிறேன், அதைப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.