12 மாதப் பணவரவு முன்கணிப்பு: தாளில் 130 இருக்கிறது, வங்கியில் 20 தான் இருக்கிறது, எச்சரிக்கையும் வரவில்லை (அவசரம்)

மரத்தூள் · காலை 9.40
வணக்கம். அலுவலக மேசை நாற்காலி செய்து கொடுக்கும் பட்டறை ஒன்றை நானும் நண்பரும் தொடங்கி இரண்டாம் மாதம் நடக்கிறது. தொடங்குவதற்கு முன்பே எக்செலில் 12 மாதங்களுக்கும் தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு என்று போட்டு, பணம் போதாமல் போனால் சிவப்பில் எச்சரிக்கை வரும்படியும் செய்திருந்தேன். தாளின்படி இந்த மாத இறுதியில் 130 மிஞ்ச வேண்டும் (எல்லாத் தொகைகளும் ஆயிரத்தில்). இன்று வங்கிக் கணக்கில் இருப்பதோ 20. மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்க வேண்டும். எச்சரிக்கைக் கட்டம் இன்னமும் 'சரி' என்றே காட்டுகிறது. சூத்திரத்தில் எங்கே தவறு என்று யாராவது சொல்ல முடியுமா?

நீள்வரிசை · 9.52
சூத்திரத்தையே எழுதாமல் அதில் தவறு எங்கே என்று கேட்டால் எப்படிச் சொல்வது? எச்சரிக்கைக் கட்டத்தில் இருப்பதை அப்படியே ஒட்டுங்கள். இரண்டாம் மாதத்தின் தொடக்க இருப்பைக் கையால் தட்டச்சு செய்தீர்களா, முந்தைய மாதத்திலிருந்து எடுக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். இப்படிப்பட்ட பத்துக் கேள்விகளில் எட்டில் கோளாறு அங்கேதான் இருக்கும்.

தனிவழி · 10.05
இயந்திரம் வாங்கிய தொகையை முழுவதுமாக முதல் மாதத்திலேயே போட்டுவிட்டீர்களா? அதை ஆயுள் காலத்துக்குப் பகிர்ந்து மாதாமாதம் தேய்மானமாகக் காட்ட வேண்டும். நானும் முதலில் அந்தத் தவறைச் செய்தேன்.

பழைய_பேரேடு · 10.11
தேய்மானம் லாப நட்டக் கணக்குக்கு உரியது. இயந்திரத்தை விற்றவர் தன் பணத்தை முதல் மாதத்திலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டார். வங்கிக் கணக்குக்குத் தேய்மானம் என்றால் என்னவென்றே தெரியாது. இந்த வேறுபாடு பிடிபடாதவர்கள் எக்செலைத் திறப்பதற்கு முன் ஒரு மாதமாவது கைப்பட ரொக்கப் புத்தகம் எழுதிப் பழகுவது நல்லது என்று பல முறை சொல்லியிருக்கிறேன்; யாரும் கேட்பதில்லை.

கடைசித்தேதி · 10.20
உங்கள் வாடிக்கையாளர்கள் பணத்தை உடனே கொடுக்கிறார்களா, தவணை கேட்கிறார்களா? அதைச் சொல்லாமல் மேலே எதையும் பேச முடியாது.

மரத்தூள் · 11.02
மன்னிக்கவும், இதெல்லாம் தேவைப்படும் என்று தோன்றவில்லை. 2ஆம் வரியில் விற்பனை, 3இல் தொடக்க இருப்பு, 6இல் மொத்த வரவு, 11இல் மொத்தச் செலவு, 12இல் இறுதி இருப்பு. மாதங்கள் B முதல் M வரை. தொடக்க இருப்பு முந்தைய மாதத்து இறுதி இருப்பிலிருந்துதான் வருகிறது, அதைச் சரிபார்த்துவிட்டேன். எச்சரிக்கை இதுதான்:

```
=IF(M12<0,"பற்றாக்குறை","சரி")
```

கையில் 400 வைத்துத் தொடங்கினோம். முதல் மாதம் இயந்திரங்களுக்கு 150, பட்டறைக்கு முன்பணம் 60. மாதாமாதம் வாடகை 20, சம்பளம் 60. மரமும் பிற பொருள்களும் விற்பனையில் பாதி. அதற்கு அந்த மாதமே பணம் கொடுத்துவிடுகிறோம். விற்பனை முதல் மாதம் 80, பிறகு 120, 160, 180, ஐந்தாம் மாதம் முதல் 200. இதுவரை மதிப்பிட்டபடியே விற்பனை நடக்கிறது. பில் தொகையில் 30 விழுக்காடு உடனே வரும், மீதி இரண்டு மாதம் கழித்து வரும். வரவு வரியில் பில் தொகையைத்தான் போட்டிருக்கிறேன்.

கடைசித்தேதி · 11.31
கடைசி வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. நீங்கள் பில் போட்ட நாளில் பணம் வந்ததாகத் தாள் நம்பிக்கொண்டிருக்கிறது. முதல் மாதம் 80க்குப் பில் போட்டீர்கள், கைக்கு வந்தது 24. மீதி 56 மூன்றாம் மாதத்தில்தான் வரும். செலவு மட்டும் 330 முழுவதும் வெளியே போய்விட்டது. ஆகவே முதல் மாத இறுதியில் 150 அல்ல, 94. இரண்டாம் மாதம் வரப்போவது 36, போகப்போவது 140. மாத இறுதியில் 10 பற்றாக்குறை. இன்று கணக்கில் 20 இருப்பது இதோடு பொருந்துகிறது.

அப்படியே தொடர்ந்தால் மூன்றாம் மாத இறுதியில் பற்றாக்குறை 66, நான்காம் மாதம் 98, ஐந்தாம் மாதம் 106. அதுதான் அடிமட்டம். ஆறாம் மாதம் 100 என்று மெல்ல ஏறத் தொடங்கி, பதினோராம் மாதம் பூச்சியத்தைத் தொட்டு, பன்னிரண்டாம் மாதம் 20 மிஞ்சும். உங்கள் எச்சரிக்கை M12 என்ற ஒரே ஒரு கட்டத்தை, அதாவது ஆண்டின் கடைசி நாளை மட்டும் பார்க்கிறது. வரவைத் திருத்திய பிறகும் அது 'சரி' என்றுதான் சொல்லியிருக்கும், நடுவில் ஒன்பது மாதம் கணக்கு பூச்சியத்துக்குக் கீழே கிடந்தாலும்.

4ஆம் வரியை உடனடி வரவுக்கும் 5ஆம் வரியைப் பழைய பில்களின் வசூலுக்கும் ஒதுக்குங்கள். B15இல் 30%, B16இல் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் தொகை. D நெடுவரிசையில் எழுதி வலப்பக்கம் இழுங்கள்:

```
D4:  =D2*$B$15
D5:  =B2*(1-$B$15)
D6:  =D4+D5
D13: =IF(D12<$B$16,"பற்றாக்குறை "&TEXT($B$16-D12,"0"),"சரி")
```

4, 6, 13ஆம் வரிகளை B, C நெடுவரிசைகளுக்கும் நகலெடுங்கள். முதல் இரண்டு மாதங்களில் 5ஆம் வரி காலியாகவே இருக்க வேண்டும். இன்னும் வசூலாக எதுவும் இல்லை. வேறொரு கட்டத்தில் =MIN(B12:M12) போட்டால் ஆண்டின் மிக மோசமான மாத இறுதி தெரியும்; கடன் கேட்கப் போகும்போது அந்த எண்தான் பயன்படும்.

திருத்தியது சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பழைய தாளின் இறுதி இருப்புக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு, எந்த மாதத்திலும் அன்று வாடிக்கையாளர்கள் தர வேண்டிய நிலுவைக்குச் சமமாக இருக்க வேண்டும். ஆண்டு இறுதியில் 300க்கும் 20க்கும் இடையில் 280. கடைசி இரண்டு மாத விற்பனை 400இல் 70 விழுக்காடும் அதே 280.

நீள்வரிசை · 11.48
ஒப்புக்கொள்கிறேன், தொடக்க இருப்பில் கோளாறு இல்லை. ஆனால் இனி கோளாறு வரும். வங்கிக் கணக்கு பூச்சியத்துக்குக் கீழே போக வங்கி விடாது. எனவே தொடக்க இருப்பு எதிர்மறையாக இருப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. C3இல் இப்படிப் போடுங்கள்:

```
=MAX(0,B12)
```

கடைசித்தேதி · 12.03
தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். ஒவ்வொரு மாதமும் பூச்சியத்திலிருந்து தொடங்கினால் முந்தைய மாதத்துப் பள்ளத்தை யாரோ இலவசமாக நிரப்பிவிட்டதாகத் தாள் எடுத்துக்கொள்ளும். இந்தக் கணக்கிலேயே மூன்றாம் மாதம் 56, நான்காம் மாதம் 32, ஐந்தாம் மாதம் 8 என்று பற்றாக்குறை கரைந்துபோய் ஆறாம் மாதம் மீண்டுவிட்டதாகக் காட்டும். 106 தேவைப்படும் இடத்தில் அவர் 56 கடன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடுவார்.

பழைய_பேரேடு · 12.15
இருவருமே பாதியைத்தான் சொல்கிறீர்கள். எதிர்மறை இருப்பு என்பது நிதி ஏற்பாடு ஒன்று தேவை என்பதன் அடையாளம். அந்த ஏற்பாட்டுக்குத் தாளில் தனி வரி இருக்க வேண்டும்: கடன் வந்த மாதத்தில் வரவாக, வட்டியும் அசலும் திரும்பும் மாதங்களில் செலவாக. அதைச் சேர்த்தவுடன் ஆண்டு இறுதியில் மிஞ்சும் அந்த 20 எங்கே போகிறது என்று பாருங்கள். ஆரம்பப் பாடம் இது.

நீள்வரிசை · 12.22
ஓவர்டிராஃப்ட் வசதி இருப்பவருக்கு எதிர்மறை இருப்பே கடன்தான்; தனி வரி எதற்கு? நான் சொன்னது அந்த வசதி இல்லாதவருக்கு.

பழைய_பேரேடு · 12.27
ஓவர்டிராஃப்டுக்கும் வரம்பு உண்டு, வட்டியும் உண்டு. வசதி இல்லாதவருக்கோ உங்கள் MAX இன்னும் ஆபத்தானது. படித்துவிட்டுப் பேசுவோம்.

இரவுக்கணக்கு · 12.40
சண்டைக்கு நடுவே என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கும் ஒப்பந்தத்தில் இரண்டு மாதம் என்றுதான் எழுதியிருந்தது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஒவ்வொரு பில்லுக்கும் ஏதாவது ஒரு கையெழுத்து பாக்கி என்று சொல்லி மூன்றாம் மாதக் கடைசியில்தான் பணம் அனுப்பினார். உங்கள் எண்களையே வைத்து, வசூல் மூன்று மாதம் ஆனால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன்: அடிமட்டம் ஆறாம் மாதத்துக்குத் தள்ளிப்போகிறது, பற்றாக்குறை 226. ஒரே ஒரு மாதத் தாமதத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல்.

தனிவழி · 12.58
விற்பனைதான் நன்றாக நடக்கிறதே, பின் ஏன் பணம் குறைகிறது? மரத்தின் விலை கூடிவிட்டதா?

கடைசித்தேதி · 1.10
விலை எதுவும் மாறவில்லை. விற்பனை ஏறுவதால்தான் ஐந்தாம் மாதம் வரை பள்ளம் ஆழமாகிறது. ஏறிய விற்பனைக்கு மரம் இந்த மாதமே வாங்க வேண்டும், அதற்கான பணத்தில் பெரும்பகுதி இரண்டு மாதம் கழித்துத்தான் வரும். விற்பனை 200இல் நின்ற பிறகே வசூல் எட்டிப் பிடிக்கிறது.

மரத்தூள், கடனுக்கு ஓடுவதற்கு முன் B15ஐ மட்டும் மாற்றிப் பாருங்கள். தொடக்கத்திலிருந்தே 65 விழுக்காடு உடனே வாங்கியிருந்தால் எந்த மாத இறுதியிலும் பற்றாக்குறையே இல்லை; மிகக் குறைந்த இருப்பு நான்காம் மாதத்தில் 21. முதல் மாதப் பில்களை இனி மாற்ற முடியாது என்பதால் உங்களுக்கு அவ்வளவு கிடைக்காது. ஆனால் தனி வடிவத்தில் செய்து கொடுக்கும் வேலைக்கு ஆர்டரின்போதே பாதிக்கு மேல் முன்பணம் கேட்பதில் தவறில்லை.

இரவுக்கணக்கு · 1.24
அந்த 21ஐ நம்ப வேண்டாம் என்பேன். நான்காம் மாதம் தொடங்கும்போது கையில் 32 தான் இருக்கும். முதல் வாரத்திலேயே மரத்துக்கு 90, வாடகைக்கு 20 கொடுக்க வேண்டியிருந்து வசூல் 25ஆம் தேதிக்கு மேல் வந்தால், மாத நடுவில் 78 பற்றாக்குறை வரும். மாத இறுதியை மட்டும் பார்க்கும் எச்சரிக்கை அதைக் காட்டவே காட்டாது. வாரக் கணக்குதான் தேவை.

கடைசித்தேதி · 1.33
முன்பணம் ஆர்டரோடு வந்துவிட்டால் மரம் வாங்குவதற்கு முன்பே அது கையில் இருக்கும், அந்த 78 அப்படியே வராது. ஆனாலும் அடுத்த மூன்று மாதங்களுக்காவது வார வாரியாகப் போடலாம் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. பன்னிரண்டு மாதத்துக்கும் வாரக் கணக்கு போட்டால் அதைப் புதுப்பிக்க ஆள் இருக்காது.

பழைய_பேரேடு · 1.37
நாள் கணக்கு போடுபவர்களும் இருக்கிறார்கள். சோம்பல் ஒரு காரணம் ஆகாது.

மரத்தூள் · மாலை 6.15
சூத்திரங்களை மாற்றிவிட்டேன். B16இல் 80 வைத்தேன், வாடகையும் சம்பளமும் சேர்ந்த ஒரு மாதத் தொகை. இரண்டாம் மாதம் முதல் பன்னிரண்டு வரை சிவப்பு. ஐந்தாம் மாதத்தில் 'பற்றாக்குறை 186' என்று வருகிறது. பழைய தாளுக்கும் புதியதற்கும் வேறுபாட்டைச் சரிபார்த்தேன், 280 வந்தது. இரண்டு வாடிக்கையாளர்களிடம் முன்பணம் கேட்டோம். ஒருவர் ஒப்புக்கொண்டார், இன்னொருவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். நன்றி.

நீள்வரிசை · 6.40
அந்த ஒருவர் எவ்வளவு தருகிறார், சம்பள நாளுக்கு முன்பு வந்துவிடுமா?