சல்லடைக்கு இந்தியில் என்ன சொல்வது? பெயர் தெரியாத பொருளைப் பேசிப் புரியவைத்த அனுபவங்கள்

பெரம்பூரிலிருந்து:

எதிர்வீட்டுக்குக் கான்பூரிலிருந்து குடிவந்த அம்மாளுக்குத் தமிழ் இன்னும் வரவில்லை. எனக்கு இந்தி தட்டுத்தடுமாறித்தான் வரும். தீபாவளிக்கு முந்தின நாள் அவர் ஓமப்பொடி பிழிய, அச்சின் துளைகளில் கடலைமாவுக் கட்டிகள் அடைத்துக்கொண்டன. மாவைச் சலித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்த பிறகுதான், சல்லடைக்கும் இந்தி தெரியாது, சலிப்பதற்கும் தெரியாது என்பது உறைத்தது.

"கோல் ஹை, சேத் ஹை" என்று, வட்டமாக இருக்கும், ஓட்டைகள் இருக்கும் என்ற பொருளில் சொன்னேன். அவர் உள்ளே போய் எண்ணெயில் அரித்தெடுக்கும் ஜாராவைக் கொண்டுவந்தார். வட்டமும் ஓட்டையும் அதற்கும் உண்டுதானே! பிறகு உருவத்தை விட்டுவிட்டு வேலையைச் சொன்னேன்: "வோ சீஸ், ஜிஸ்மேன் ஆட்டா டால்கர் ஹிலாதே ஹைன், பாரீக் நீசே கிர்தா ஹை, மோட்டா ஊபர் ரஹ்தா ஹை." மாவைப் போட்டு ஆட்டுவார்கள், நைசானது கீழே விழும், கட்டி மேலே தங்கும் என்றதும், "அச்சா, சல்னி!" என்று சிரித்தார். "ஹான், சல்னி. ஆப்கே பாஸ் சல்னி ஹை?" என்று அந்தச் சொல்லை உடனே வைத்துக் கேட்டேன். "சான் லேதீ ஹூன்" என்று அவர் சல்லடையை எடுத்தபோது, சலிப்பதற்கான வினையும் கேட்காமலே கிடைத்தது.

ராயபுரத்திலிருந்து:

இதற்கு இத்தனை வாக்கியம் எதற்கு? கையால் ஆட்டிக் காட்டியிருக்கலாம். "ஃபில்டர்" என்றிருந்தாலும் போதும். சந்தையில் முப்பது ஆண்டுகளாக நான் அப்படித்தான் சமாளிக்கிறேன்.

அடையாற்றிலிருந்து:

நேரில் நிற்கும்போது கைச்சைகை நல்ல துணை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தொலைபேசியில் அது உதவாது; "ஃபில்டர்" என்றிருந்தால் டீ வடிகட்டிதான் வந்திருக்கும். அதற்கும் சல்னி என்றே பெயர் என்பதால், கடையில் கேட்கும்போது ஆட்டா சல்னியா, சாய் சல்னியா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

பல ஆண்டுகளாக இந்தி சொல்லிக்கொடுப்பவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். தமிழில் "மாவு சலிக்கிற சாமான்" என்போம். சலிக்கிற என்பது முதலில் வந்து, சாமான் கடைசியில் வருகிறது. அதே வரிசையில் இந்தியைக் கட்டப் பார்ப்பவர்கள், வினை தெரியாததால் வாக்கியம் தொடங்கும் முன்பே நின்றுவிடுகிறார்கள். "வோ சீஸ்", அதாவது அந்தப் பொருள், என்று பொதுப்பெயரை முன்னால் போட்டுவிட்டால் கேட்பவர் காத்திருப்பார், நமக்கும் யோசிக்க அவகாசம் கிடைக்கும். இடமானால் "வோ ஜகஹ் ஜஹான்", ஆளானால் "வோ ஆத்மி ஜோ". தெரியாத வினையை, மேலே சொன்னவர் செய்ததுபோல, போடுவது, ஆட்டுவது, விழுவது, தங்குவது என்று தெரிந்த சிறு வினைகளாக உடைத்துக்கொள்ளலாம். அவருக்கு விட்டுப்போனது ஒன்றுதான்: "பிசைவதற்கு முன்னால்" என்று எப்போது பயன்படும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால், எண்ணெய்ச் சட்டிக்கான ஜாரா வந்திருக்காது.

தாம்பரத்திலிருந்து:

எனக்கும் இதே தொல்லைதான். உழக்கு என்ற சொல் வாயில் வராமல் "அந்த இது, அரிசி அளக்கிற இது" என்று வீட்டுக்காரரிடம் தவிக்கிறேன். வயதாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

அடையாற்றிலிருந்து:

அது தெரிந்த சொல் மறந்துபோவது, அம்மா. இங்கே பேச்சு தெரியாத சொல்லைப் பற்றியது. ஆனாலும், "அந்த இது" என்று நின்றுவிடாமல் "அரிசி அளக்கிற இது" என்றீர்களே, அதில் உங்கள் வீட்டுக்காரருக்குப் புரிந்திருக்கும்.

அம்பத்தூரிலிருந்து:

என் பட்டறையில் பீகாரிலிருந்து வந்த தம்பி ஒருவர் தமிழ் பழகிவருகிறார். ஒருநாள், "அண்ணா, தண்ணி வர்ற இடத்துல வைக்கிற ரப்பர் வேணும்" என்றார். "வாஷரா?" என்று கேட்டேன்; தலையாட்டினார். வாங்கிவந்த பிறகுதான், தொட்டியைக் கழுவித் தண்ணீர் விடும் துளையை அடைக்கும் ரப்பர் மூடியைக் கேட்டார் என்று தெரிந்தது. வாஷர் என்ற சொல் அவருக்குப் புரியவில்லை, முதலாளி சொல்கிறாரே என்று ஆமோதித்திருக்கிறார். இப்போதெல்லாம் ஆமாம், இல்லை என்று முடியும் கேள்வியை விட்டுவிட்டு, "அதை எங்கே வைப்பாய்?" என்று கேட்கிறேன். அன்றே அப்படிக் கேட்டிருந்தால் தொட்டியைக் காட்டியிருப்பார்.

எனக்குத் தெளியாதது ஒன்று உண்டு. அவர் பாதி விவரித்துக்கொண்டிருக்கும்போதே சொல் எனக்குத் தெரிந்துவிட்டால் உடனே எடுத்துக்கொடுப்பதா, அவர் முடிக்கும்வரை காத்திருப்பதா?

பெரம்பூரிலிருந்து:

எடுத்துக்கொடுத்ததால்தான் எனக்குச் சல்னி கிடைத்தது, ஐயா.

அடையாற்றிலிருந்து:

நான் வகுப்பில் காத்திருப்பேன். பட்டறையில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தால் காத்திருப்பேனா என்று சொல்லத் தெரியவில்லை.