f8-ல் ராணி வைத்தாலும் டிரா, யானை வைத்தாலும் டிரா. எதைத்தான் வைப்பது?

புதுச்சிப்பாய்
வணக்கம். பத்து நிமிட ஆட்டத்தின் கடைசி நிலை இது. வெள்ளை என்னுடையது.

வெள்ளை: ராஜா f6, சிப்பாய்கள் f7, g5
கருப்பு: ராஜா h7 மட்டும்
வெள்ளையின் முறை.

f8-ல் ராணி வைத்ததும் ஸ்டேல்மேட் ஆகிவிட்டது. கிளப்பில் காட்டினால் "இந்த மாதிரி இடத்தில் யானைதான் எடுக்கணும், இது பழைய பாடம்" என்றார்கள். அனலிசிஸ் போர்டில் யானையை வைத்துப் பார்த்தேன், அதுவும் ஸ்டேல்மேட். அப்போ இந்த நிலையே டிராதானா? இல்லை, குதிரையோ மந்திரியோ எடுத்து ஜெயிக்க வழி இருக்கா?

காய்தள்ளி
கிளப்பில் சொன்னது சரிதான் ப்ரோ. ராஜா f6, சிப்பாய் f7, எதிரி h7. யானை எடுத்தால் அவனுக்கு h6 மட்டும்தான் கிடைக்கும். போனதும் Rh8 மேட். ரெண்டே மூவ். நீங்க போர்டில் காயைத் தப்பா வச்சிருப்பீங்க, இன்னொரு தடவை பாருங்க.

எண்ட்கேம் ரசிகன்
காய்தள்ளி சொல்வது g5 சிப்பாய் இல்லாத நிலைக்கு. அங்கே ராணி f8-ல் இருந்து h6-ஐயும் கோணலாகப் பிடித்துவிடுவதால் ஸ்டேல்மேட். யானை கோணலாகப் பார்க்காது, அதனால் h6 திறக்கும், அடுத்து மேட். அதுவரைக்கும் பாடம் சரி.

இங்கே g5-ல் ஒரு சிப்பாய் இருக்கிறது, அது h6-ஐ அடிக்கிறது. யானை வைத்தால் g8, h8 இரண்டையும் யானை அடைக்கும், g6, g7 இரண்டையும் ராஜா அடைக்கும், h6-ஐ சிப்பாய் அடைக்கும். எதிரிக்கு ஒரு கட்டமும் மிச்சமில்லை, செக்கும் இல்லை. புதுச்சிப்பாய் போர்டில் சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

ராணியின் நகர்வு என்பது யானையும் மந்திரியும் சேர்ந்ததுதான். ஆகவே யானையோ மந்திரியோ எடுப்பதால் ராணிக்கு எட்டாத ஒரு கட்டம்கூட நமக்குக் கிடைக்கப் போவதில்லை. எதிரி ராஜாவுக்கு ஒரு கட்டத்தை விட்டுக்கொடுக்கத்தான் அவற்றை எடுக்கிறோம். அதனால் "எது பலமான காய்" என்று யோசிக்காமல் "எந்தக் கட்டத்தைத் திறக்கணும்" என்று யோசியுங்கள். g5 இல்லாவிட்டால் திறக்க வேண்டியது h6, அதற்கு யானை. g5 இருந்தால் h6 எப்படியும் மூடியதுதான், திறக்க வேண்டியது g8-உம் h8-உம். அதற்கு மந்திரி.

1.f8=B. இப்போது எதிரிக்கு இரண்டு வழி.

1...Kh8 என்றால் 2.Kf7 Kh7 3.g6+ Kh8 4.Bg7 மேட். g6 வரும்போது அவன் h6-க்கு ஓட முடியாது, f8-ல் இருக்கும் மந்திரி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

1...Kg8 என்றால் மந்திரிக்கு அடி. 2.Bc5 Kh7 3.Kf7 Kh8 4.Bf8 Kh7 5.g6+ பிறகு அதே மேட். இரண்டாவது மூவில் அவன் Kh8 போனால் 3.Kf7 Kh7, இப்போது 4.Bd6 என்று ஒரு மூவ் சும்மா கழிக்க வேண்டும். 4...Kh8 5.Bf8 Kh7 6.g6+ Kh8 7.Bg7 மேட்.

இதிலும் இரண்டு குழி இருக்கிறது. அவன் h8-ல், உங்கள் ராஜா f7-ல் இருக்கும்போது அவசரப்பட்டு g6 தள்ளினால் ஸ்டேல்மேட். அவன் h7-ல், உங்கள் ராஜா f7-ல் இருக்கும்போது மந்திரியை e5, d4 மாதிரி h8-ஐப் பார்க்கும் கோட்டில் வைத்தாலும் ஸ்டேல்மேட். மந்திரி c5, d6, f8 பக்கமே இருக்கட்டும்.

புதுச்சிப்பாய்
ரொம்ப நன்றி சார். மந்திரி எடுத்து ஜெயிக்கும் ஒரு நிலையை இப்போதுதான் பார்க்கிறேன். குதிரை எடுத்தால் செக் ஆகுதே, அது இன்னும் நல்லதில்லையா?

எண்ட்கேம் ரசிகன்
1.f8=N+ அடித்தாலும் ஜெயிக்கலாம். செக் என்பதால் அந்த நொடியில் ஸ்டேல்மேட் பயம் இல்லை. ஆனால் 1...Kg8 வந்து குதிரையை அடிப்பான், அதை நகர்த்தியே ஆகணும். 2.Ng6 Kh7 வந்தபின் கை தானாக 3.Kf7 போகும், அங்கே மறுபடியும் ஸ்டேல்மேட்: h8-ஐ குதிரை பிடித்திருக்கும், h6-ஐ சிப்பாய், மீதியை ராஜா. குதிரையைக் காப்பாற்றி, சிப்பாயைக் கொண்டுபோய் இன்னொரு தடவை ப்ரோமோட் செய்ய வேண்டிய நீண்ட வேலை அது. மந்திரி வழி குறுகலானது, தெளிவானது.

வேலூர் வாசகன்
எல்லாரும் f8 கட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். 1.g6+ தள்ளினால் என்ன?

Kh8 போனால் f8-ல் ராணி, யானை எது வைத்தாலும் மேட். Kh6 போனால் 2.f8=Q+ செக்கோடு வருகிறது, அவன் Kh5 போகணும், ஸ்டேல்மேட்டே கிடையாது. மந்திரியும் வேண்டாம், ஏழு மூவும் வேண்டாம்.

எண்ட்கேம் ரசிகன்
இதுதான் சரியான மூவ். g8-ஐ f7 சிப்பாய் பிடித்திருப்பதால் அவனுக்கு h8, h6 தவிர வேறு இடமில்லை. கேள்வி ப்ரோமோஷன் பற்றி என்பதால் f8-லேயே நின்றுவிட்டேன். ஆட்டத்தில் இந்த நிலை வந்தால் g6+ ஆடுங்கள்.

இன்னொன்று. ஸ்டேல்மேட் அந்த மூவிலேயே தெரிய வேண்டும் என்பதில்லை. சாவெத்ரா நிலையின் கடைசிப் பகுதியை வைத்துப் பாருங்கள். வெள்ளை ராஜா c2, சிப்பாய் c7, கருப்பு ராஜா a1, யானை d4. c8-ல் ராணி வைத்தால் எதிரிக்கு மூவ் நிறைய இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் Rc4+ என்று யானையைக் கொடுப்பான், Qxc4 எடுத்ததும் ஸ்டேல்மேட். c8-ல் யானை வைத்தால் அடுத்து Ra8+ மிரட்டல், அவன் Ra4 வைத்தே ஆகணும், உடனே Kb3. ஒரு பக்கம் a4 யானைக்கு அடி, மறுபக்கம் Rc1 மேட். இரண்டையும் காக்க முடியாது. 1895-ல் கிளாஸ்கோ பத்திரிகை ஒன்றில் இது டிரா என்று அச்சானபோது அங்கே இருந்த ஸ்பானிய பாதிரியார் பெர்னாண்டோ சாவெத்ரா இந்த யானையைக் கண்டுபிடித்தார். எதிரியிடம் ராஜாவும் ஒரே ஒரு யானையும் மிச்சமிருந்தால், "அந்த யானையை எனக்கே கொடுத்துவிட்டால் என்ன ஆகும்" என்று ஒருமுறை பார்த்துவிட்டு ராணியைத் தொடுங்கள்.

கேம்பிட் கண்ணன்
என் கேஸும் இதே ஸ்டேல்மேட்தான்னு நினைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்க. ஆல்பின் கவுண்டர்கேம்பிட், நான் கருப்பு. 1.d4 d5 2.c4 e5 3.dxe5 d4 4.e3 Bb4+ 5.Bd2 dxe3 6.Bxb4 exf2+ 7.Ke2. இங்கே g1-ல் இருக்கிற குதிரையை வெட்டி ராணி எடுத்தேன். ஆனா ஒண்ணும் மிஞ்சலை. குதிரை எடுத்திருக்கணும்னு என்ஜின் காட்டுது. ஏழாவது மூவ்ல என்ன ஸ்டேல்மேட் வரப்போகுது?

வேலூர் வாசகன்
இது வேற விஷயம் தம்பி, ஸ்டேல்மேட்டே இல்லை. ராணியால் செய்ய முடியாத ஒரே வேலை குதிரைப் பாய்ச்சல், அதுக்காகத்தான் இங்கே குதிரை.

நீங்க 7...fxg1=Q வச்சா அது செக் இல்லை. அவன் 8.Qxd8+ Kxd8 9.Rxg1 என்று ரெண்டு ராணியையும் தீர்த்துடுவான், காய்க்கணக்கு சமம். 7...fxg1=N+ வச்சா e2 ராஜாவுக்கு செக். d8-ஐ வெட்ட அவனுக்கு நேரமில்லை. 8.Rxg1 எடுத்தால் Bg4+, ராஜா நகர்ந்ததும் பின்னாடி d1-ல் இருக்கிற ராணி போச்சு. அதனால 8.Ke1 போவான், நீங்க Qh4+. அதுக்கு 9.g3 தள்ளினால் Qe4+, ராஜாவுக்கும் h1 யானைக்கும் ஒரே அடி. 9.Kd2 போனாலும் உங்களுக்கு ஒரு குதிரை அதிகம், அவன் ராஜா நடுவில் நிற்குது. இந்தப் பொறிக்கு லாஸ்கர் பெயர்தான் வழங்குது.

காய்தள்ளி
g5 சிப்பாயை நான் கவனிக்கலை, ஓகே. ஆனா ஒரு சந்தேகம். போர்டில் ஆடும்போது ரெண்டாவது குதிரையோ மந்திரியோ வெளியே இல்லைன்னா எடுக்க முடியாதுல்ல? ராணி இல்லைன்னா யானையைத் தலைகீழா வச்சா ராணின்னு கணக்கு.

ஆர்பிட்டர் மேசை
இரண்டும் ஃபிடே விதிப்படி தவறு. வெட்டுப்பட்ட காயிலிருந்துதான் எடுக்கணும் என்ற கட்டுப்பாடே இல்லை. மூன்றாவது குதிரையும் எடுக்கலாம். கைவசம் காய் இல்லாவிட்டால் கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரைக் கூப்பிட்டு வாங்கிக்கொள்ளலாம், அதற்கு உரிமை உண்டு. தலைகீழாக வைத்த யானை யானைதான். 2017 கனடா சாம்பியன்ஷிப்பின் டைபிரேக்கில் நோரிட்சின் அப்படி வைத்த யானையை ஆர்பிட்டர் யானையாகவே கணக்கெடுத்தார்.

அண்டர்ப்ரோமோஷன் செய்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறு. சிப்பாயைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு, காயை மாற்றாமல் கடிகாரத்தை அமுக்கினால் அது இல்லீகல் மூவ். தண்டனையாக எதிரிக்கு நேரம் கூடுவது ஒருபுறம். சிப்பாய்க்குப் பதிலாக ராணியைத்தான் வைப்பார்கள், உங்கள் விருப்பம் செல்லாது. புதுச்சிப்பாய் நிலையில் அப்படி நடந்தால் அந்த ராணியே ஸ்டேல்மேட். அதே மாதிரி, ராணி அந்தக் கட்டத்தைத் தொட்டுவிட்டால் பிறகு யானையாக மாற்ற முடியாது. முதலில் வேண்டிய காயைக் கையில் எடுங்கள், பிறகு சிப்பாயைத் தொடுங்கள்.

புதுச்சிப்பாய்
ஆன்லைனில் எனக்கு எந்தக் காய் என்று கேட்கவே இல்லை, தானாக ராணி வந்தது. அதுவும் செட்டிங்கா?

வேலூர் வாசகன்
ஆமாம். லிசெஸ்ஸில் என்றால் `Promote to Queen automatically` என்ற இடத்தில் `Never`, `When premoving`, `Always` என்று மூன்று இருக்கும். `Never` வைத்தால் ஒவ்வொரு தடவையும் கேட்கும். பிளிட்ஸில் அரை நொடி போகும், அவ்வளவுதான்.

காய்தள்ளி
அரை நொடி புல்லட்டில் பெரிசு. நான் `When premoving`தான் வைப்பேன்.

எண்ட்கேம் ரசிகன்
ப்ரீமூவில்தான் எதிரி ராஜா எங்கே போகப்போகிறது என்று தெரியாமல் தள்ளுகிறோம், ஸ்டேல்மேட் அதிகம் மாட்டுவதும் அங்கேதான். எனக்கு `Never`.

காய்தள்ளி
ஒரு செகண்ட் மிச்சம் இருக்கும்போது பெட்டி திறந்து காய் தேடிப் பாருங்க, அப்புறம் பேசுவோம்.