ஏரிக்கரைக் கடையில நாலு கோடு சிக்னல், பணம் மட்டும் போகலை

மிளகுக்கடை, ஏற்காடு

ஏரிக்குப் பக்கத்துல மிளகு, காபித்தூள் விக்கிற சின்னக் கடை எங்களுது. மே மாசம் ஞாயித்துக்கிழமை மதியம்னா இதே தொல்லைதாங்க. வாடிக்கையாளர் கியூஆரை ஸ்கேன் பண்றாங்க, போன்ல நாலு கோடும் நிறைஞ்சு நிக்குது, பின் நம்பர் போட்டதும் வட்டம் சுத்திக்கிட்டே கிடக்குது. போன வாரம் ஒரு குடும்பம் 640 ரூபாய்க்கு வாங்கினாங்க. முதல்ல அனுப்பினது போகலைன்னு நினைச்சு இன்னொரு தடவையும் அனுப்பிட்டாங்க. அரை மணி கழிச்சு ரெண்டும் வந்து சேந்துச்சு, அதுக்குள்ள அவங்க இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போயாச்சு. நம்பர் வாங்கி வச்சிருந்ததால திருப்பி அனுப்ப முடிஞ்சுது. சிக்னல் முழுசா இருக்கும்போது நெட் மட்டும் ஏன் வரலை? யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

அஞ்சு ரோட்டுக்காரன்

எனக்கு ஆச்சு, சரியும் பண்ணிட்டேன். டயல் பண்ற இடத்துல இதைப் போடுங்க:

```
*#*#4636#*#*
```

வர்ற பக்கத்துல போன் தகவலுக்குள்ள போய் `LTE only` வச்சிடுங்க. எங்க ஆபீஸ் மூணாவது மாடி. 5ஜி வந்து வந்து போகும், அந்த நேரமெல்லாம் நெட் நின்னுடும். 4ஜி மட்டும்னு வச்சதுல இருந்து ஒரு பிரச்சனையும் இல்லை. உங்களுக்கும் இதேதான்.

அம்மாப்பேட்டை அம்மா

எங்க வீட்டுலயும் இதே கதைதான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல பையன் பாட வீடியோ பாக்க முடியலை, சிக்னல் என்னவோ முழுசா இருக்கு. மொட்டை மாடிக்குப் போனாலும் அப்படியே. காலையில எழுந்து பாத்தா பறக்குது. டவர்ல கூட்டமா இருக்குமோ?

டிரைவ் டெஸ்ட் ஆள்

ஒன்பது வருஷமா கார்ல போனும் லேப்டாப்பும் வச்சுக்கிட்டு டவர் அளக்குற வேலை பாத்தேன், அதனால சொல்றேன்.

அம்மா, உங்களுது வேற. மாடியிலயும் மாறலை, விடிஞ்சதும் தானா சரியாகுதுன்னா முதல்ல அன்றாட டேட்டா தீர்ந்துடுச்சான்னு பாருங்க. அளவு முடிஞ்சா பல பேக்குல வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிடும். கோடு அப்படியே நிக்கும், வீடியோ ஓடாது. நள்ளிரவு தாண்டினதும் புது நாள் கணக்கு வந்துடும். எஸ்எம்எஸ் வந்திருக்கும் பாருங்க.

கடைக்காரரே, கோடு காட்டுறது டவரோட குரல் உங்க போனுக்கு எவ்வளவு சத்தமா கேக்குதுங்கிறதை மட்டும்தான். கல்யாண வீட்டுல பந்திக்குக் கூப்பிடுற சத்தம் தெருமுனை வரைக்கும் நல்லாவே கேக்கும், உள்ள இலை காலியா இருக்கான்னு அதை வச்சுச் சொல்ல முடியுமா? அந்தக் குரலை டவர் ஒரே பலத்துல அனுப்பிக்கிட்டே இருக்கும். பத்துப் பேர் இருந்தாலும் ஆயிரம் பேர் இருந்தாலும் கோடு குறையாது.

அஞ்சு ரோட்டுத் தம்பி சொன்னது அவர் ஆபீஸுக்குச் சரி. அங்க 5ஜி ஓரத்துல தொட்டுத் தொட்டு விடுது, போன் ரெண்டுக்கும் நடுவுல அல்லாடுது. ஏற்காட்டுல கூட்டமே 4ஜியிலதான்னா, எல்லாரையும் 4ஜிக்குள்ள தள்ளினா இன்னும் மோசமாகும். வோல்ட்டி, அதாவது 4ஜியிலயே பேசுற வசதி, இல்லாத சிம்முல `LTE only` வச்சா அழைப்பே வராமப் போகலாம், அதையும் பாத்துக்கணும்.

அதே பக்கத்துல `RSRP`, `RSRQ`, `EARFCN`னு மூணு எண் இருக்கும். முதல்ல இருக்கிறது சத்தத்தோட அளவு, ரெண்டாவது அதோட தெளிவு, மூணாவது எந்த அலைவரிசைங்கிறது. சில போன்ல அந்தப் பக்கமே திறக்காது, திறந்தா குறிச்சு வைங்க. கூட்டம் இல்லாத செவ்வாய் காலையில ஒரு தடவை, ஞாயிறு மதியம் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் கடைக்கு உள்ளயும் வாசல்லயும் எடுங்க.

மிளகுக்கடை, ஏற்காடு

எடுத்துட்டேங்க. செவ்வாய் காலை உள்ள: `RSRP` -82, `RSRQ` -8, `EARFCN` 2463. யுபிஐ உடனே போகுது. ஞாயிறு மதியம் அதே இடம்: -82, -15, 2463. போகலை. வாசல்ல ரோட்டோரமா நின்னா -103, -11, `EARFCN` 39150. அங்க கோடு ரெண்டுதான், ஆனா பணம் போகுது! இது எப்படி?

டிரைவ் டெஸ்ட் ஆள்

நான் எதிர்பாத்தது இதுதான். ரெண்டு நாளும் -82 மாறவே இல்லை, அதாவது சத்தம் அதேதான். -8 எப்படி -15 ஆச்சுன்னா, அந்த அலைவரிசை முழுக்க மத்தவங்க டேட்டாவால நிரம்பிடுச்சு, பக்கத்து டவரோட இரைச்சலும் அதோட சேந்திருக்கு. இதுதான் நெரிசல்.

2463ங்கிறது 850 மெகாஹெர்ட்ஸ். கல் சுவரைத் தாண்டி உள்ள வர்றது அதுதான், அதனால உள்ள நாலு கோடு. ஆனா அந்த அலைவரிசையில பெரும்பாலும் 5 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான் ஓடும். ஒத்தையடிப் பாதை மாதிரின்னு வைங்க. ஏரியைச் சுத்தி விடுதிக்கு உள்ள, கடைக்கு உள்ள இருக்கிற அத்தனை போனும் அதுலதான் வந்து விழுது. 39150ங்கிறது 2300 மெகாஹெர்ட்ஸ், 20 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் அகலம் கிடைக்கும். சுவர்ல அடிபட்டு உள்ள வராது, வாசல்ல கோடு கம்மியா காட்டுது, ஆனா பாதை அகலம்.

போன்ல நெட்வொர்க் மோடு மாத்தினாலும் அலைவரிசையை நாம தேர்ந்தெடுக்க முடியாது, பெரும்பாலான போன்ல அந்த வசதி இல்லை. அதனால இடத்தை மாத்துங்க. ஒண்ணு கவனிங்க, ஒட்டி வச்சிருக்கிற கியூஆரை ஸ்கேன் பண்ணும்போது வேலை செய்யவேண்டியது வாடிக்கையாளர் போன். உங்க போன்ல வர்றது தகவல் மட்டும்தான். கியூஆர் அட்டையைக் கல்லாவுல இருந்து எடுத்து வாசல் தூண்ல ஒட்டுங்க.

சூரமங்கலம் செட்டப்

அலைய வேண்டாம், பூஸ்டர் ஒண்ணு வாங்கிப் போடுங்க. எங்க குடோன்ல போட்டேன், உள்ள கோடு முழுசா ஏறிடுச்சு.

டிரைவ் டெஸ்ட் ஆள்

வேண்டாங்க. அனுமதி இல்லாம பூஸ்டர் வைக்கிறது இந்தியாவுல சட்டப்படி குற்றம். அது பக்கத்து டவர்ல இரைச்சலை ஏத்தும், ஊரே அவதிப்படும். நாங்க அளக்கப் போன பல புகார்ல காரணம் இந்தப் பெட்டிதான். இவர் கடையில கோடு ஏற்கெனவே முழுசா இருக்கு, சத்தத்தை இன்னும் கூட்டி என்ன பிரயோஜனம்?

லேடீஸ் சீட் ரசிகன்

கூட்டமே இல்லாத விடியக்காலை ஆறு மணிக்கு ஏற்காட்டு லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்ல நின்னேன், நாலு கோடு, நெட் இல்லை. அதுக்கு என்ன சொல்றீங்க?

டிரைவ் டெஸ்ட் ஆள்

அங்க இருந்து பாத்தா சேலம் முழுக்கக் கண்ணுக்கு நேரா தெரியுது இல்ல? போனுக்கும் அப்படித்தான். கீழ இருக்கிற பல டவர் ஒரே நேரத்துல கேக்குது, எதுவும் தெளிவா இல்லை. தூரத்து டவரோட பேச்சு போனுக்குக் கேட்டாலும், போன் திருப்பிப் பேசறது அங்க கேக்காமப் போகலாம். டவர் பல வாட்ல பேசுது, போனுக்கு அதிகபட்சம் 0.2 வாட்தான். பத்தடி பின்னாடி வந்து மலை மறைக்கிற பக்கமா நின்னு விமானப் பயன்முறையைப் போட்டு எடுங்க, ஏற்காட்டு டவரைப் பிடிச்சுக்கலாம். எண்ணைப் பாக்காம இதுக்கு மேல உறுதியா சொல்ல மாட்டேன்.

அம்மாப்பேட்டை அம்மா

எஸ்எம்எஸ் இருந்துச்சுங்க. எட்டே முக்காலுக்கே தீர்ந்திருக்கு.

மிளகுக்கடை, ஏற்காடு

தூண்ல ஒட்டி ரெண்டு ஞாயிறு ஆச்சு, பாதிக்கு மேல முதல் தடவையிலயே போகுது. உள்ள உக்காந்து காபி குடிக்கிறவங்களுக்குக் கம்பி இணைப்புல வைஃபை கொடுத்திருக்கேன். நேத்து மட்டும் ஒண்ணு புரியலை. நல்ல மழை பெஞ்சுது, கரண்டும் இல்லை, ரோட்டுல ஆளே இல்லை. உள்ள -82, -8. வாசல்லயும் நல்ல எண்தான். ஆனா ஒரு மணி நேரம் எந்த சிம்முல இருந்தும் பணம் போகலை.

டிரைவ் டெஸ்ட் ஆள்

அப்போ போனுக்கும் டவருக்கும் நடுவுல குறை இல்லை. டவருக்குப் பின்னாடி போற இணைப்பா இருக்கலாம், கேபிளா மைக்ரோவேவா தெரியலை. அது இந்த எண்கள்ல தெரியாது. எல்லா சிம்மும் ஒரே நேரத்துல நின்னதுன்னா ஒரே கேபிள்ல எல்லாரும் போறாங்களோன்னு சந்தேகம். அடுத்த தடவை நின்னா நேரத்தைக் குறிச்சு வச்சு, அந்தந்த நெட்வொர்க்குக்குப் புகார் போட்டு எண் வாங்குங்க.