ஜாயினிங் தேதியைத் தள்ளிட்டாங்க, கம்பெனி இன்னும் கட்டுப்பட்டிருக்கா?

தங்கச்சிமடம் பொண்ணு

அந்த மெயில் வந்தப்ப ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில நின்னேன். ஜாயினிங் அன்னைக்கு சர்டிபிகேட் 3 செட் கொண்டுவரச் சொல்லியிருந்தாங்க. ரெண்டாவது செட்டு மிஷின்ல வந்துக்கிட்டு இருக்கும்போது போன் அதிருது. ஆகஸ்ட் 4-ன்னு இருந்த தேதியை அக்டோபர் 6-க்கு மாத்தியிருக்கோம், தொழில் நிலவரம் காரணம்னு ரெண்டே வரி. கடைக்காரர் "மூணாவது செட்டு போடவாம்மா"ன்னு கேட்டார். போடுங்கன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியல.

வருஷம் 3.6 லட்சம். ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போட்டு, போர்ட்டல்ல 'ஏற்கிறேன்' பட்டனும் அழுத்தியாச்சு. தாம்பரத்துக்கு சேது எக்ஸ்பிரஸ்ல டிக்கெட், சென்னையில பிஜிக்கு 7,000 முன்பணம், அது திரும்ப வராது. அப்பா லாஞ்சுக்குப் போறவர், தடைக்காலம் முடிஞ்சு வந்த முதல் காசுல கொடுத்தது அது.

அந்த மெயிலுக்கு "சரி சார், நன்றி"ன்னு பதில் போட்டேன். செப்டம்பர் 29-ஆம் தேதி இன்னொரு மெயில். அக்டோபர் 6-உம் இல்லை, புதுத் தேதி பின்னாடி சொல்றோம்னு. ரத்துன்னு சொல்லல. இதுக்கு நான் இன்னும் பதில் போடல. கம்பெனி என்கிட்ட இன்னும் கட்டுப்பட்டிருக்கா இல்லையா? இதே மாதிரி பட்டவங்க சொல்லுங்க.

பாம்பன் காத்து

தங்கச்சி, நான் 2023-ல பட்டேன். மூணு தடவை தள்ளினாங்க, மொத்தம் 11 மாசம். கடைசியா ரத்துன்னு ஒரு மெயில். ராமநாதபுரத்துல ஒரு வக்கீலைப் பார்த்தேன். "வேலை கொடுத்தே ஆகணும்னு தனியார் கம்பெனியை எந்தக் கோர்ட்டும் கட்டாயப்படுத்தாது"ன்னு சொல்லி பைலை என் பக்கமாத் தள்ளி வச்சார். ஆஃபர் லெட்டர் வெறும் பேப்பர்தான். நம்பாதே.

எனக்கு இன்னும் மனசுல நிக்கிறது அந்த ரத்து மெயில் இல்ல. நாலாவது மாசம் தூத்துக்குடியில ஒரு மீன் ஏற்றுமதி கம்பெனியில கணக்கு வேலைக்குக் கூப்பிட்டாங்க. வாசல் வரைக்கும் போனேன். "அடுத்த மாசம் சென்னையில சேரணும், இங்க சேர்ந்துட்டுப் பாதியில போனா தப்பாயிடும்"னு செக்யூரிட்டிகிட்டயே சொல்லிட்டுத் திரும்பிட்டேன். உள்ள போய் அந்த மேனேஜரைக்கூடப் பார்க்கல.

கீழக்கரை காக்கா

தங்கச்சிமா, முதல்ல ஏஜெண்ட் யாருன்னு பாரு. என் மச்சினன் துபாய்க்குப் போகும்போது இதே கதைதான். விசா இந்த மாசம், அடுத்த மாசம்னு 7 மாசம் இழுத்தாங்க. பாஸ்போர்ட்டு ஏஜெண்ட் கையில. கடைசியில பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்க மண்ணடிக்கு நாலு தடவை ரயில் ஏறினோம். ஏஜெண்டுக்கு அரசாங்கப் பதிவு இருக்கான்னு eMigrate தளத்துல பார்க்கணும். பதிவு எண் அவன் பலகையில இருந்தா மட்டும் போதாது, தளத்துல அந்த எண்ணைப் போட்டா அதே பேரு வரணும். கொடுக்கிற காசுக்கு ரசீது வாங்கணும். ரசீது கொடுக்காதவன்கிட்ட ஒரு ரூபாயும் கொடுக்காதே. பாஸ்போர்ட்டை விசா ஸ்டாம்பிங்குக்குக் கொடுத்தா எழுதி வாங்கு. வாப்பாமார்கிட்ட சொல்லாம எதையும் செய்யாதீங்க. நம்ம ஊர்ல எத்தனை பிள்ளைகள் இப்படி வருஷத்தைத் தொலைச்சிருக்குன்னு எனக்குத் தெரியும்.

தங்கச்சிமடம் பொண்ணு

காக்கா, இது சென்னையில உள்ள கம்பெனி. வெளிநாடு இல்ல, ஏஜெண்டும் இல்ல. அக்கறையாச் சொன்னதுக்கு நன்றி.

கேணிக்கரை வக்கீல்

பாம்பன் தம்பி சொன்னதுல பாதி சரி. வேலையில சேர்த்தே ஆகணும்னு கோர்ட் உத்தரவு போடாது, அது உண்மை. ஆனா அதை வச்சு "வெறும் பேப்பர்"னு முடிக்கிறது தப்பு. அந்த லெட்டர் வேலையை வாங்கித் தராது, நஷ்டஈட்டை வாங்கித் தரலாம். இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பித்தான் எங்ககிட்ட வர்ற பிள்ளைங்க பாதிப் பேரு வெறுங்கையோட திரும்பிப் போறாங்க.

பொண்ணு, உன் விஷயத்துக்கு வர்றேன். அவங்க கொடுத்தாங்க, நீ ஏத்துக்கிட்ட. அந்த நிமிஷமே ஒப்பந்தம் உண்டாயிருச்சு. அதுக்கப்புறம் அவங்களா ஒரு மெயில் போட்டுத் தேதியை மாத்த முடியாது, நீயும் சம்மதிக்கணும். முதல் மெயிலுக்கு நீ "சரி சார்"னு போட்டதுதான் சம்மதம். அதுக்காக மனசு உடைய வேண்டாம். ஒப்பந்தம் சாகல, தேதி மட்டும் அக்டோபர் 6 ஆயிருச்சு. ஆகஸ்ட், செப்டம்பர் மாசத்துக்கு நஷ்டஈடு கேட்கிற வழி கிட்டத்தட்ட போச்சு, அவ்வளவுதான்.

ரெண்டாவது மெயில்தான் ஆபத்தானது. அதுல தேதியே இல்ல. இதுக்கும் "சரி"ன்னு போட்டிருந்தா, எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்கன்னு நீயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிருக்கும். பேசாம இருக்கிறதும் நாள் ஆக ஆகச் சம்மதம் மாதிரி காட்டப்படும். அதனால பதில் போடு. இங்கிலீஷ்ல எழுதிக்கோ, விஷயம் இதுதான்: இன்ன தேதியில ஆஃபரை நான் ஏற்றேன், அக்டோபர் 6-க்கு ஒப்புக்கிட்டேன், தேதி சொல்லாம தள்ளிப் போடுறதுக்கு நான் ஒப்புக்கல, சேரத் தயாரா இருக்கேன், இன்ன தேதிக்குள்ள சேரும் நாளை எழுத்துல சொல்லுங்க, அதுவரைக்கும் இடைக்கால வேலை பார்ப்பேன். 15 நாள் கெடு கொடு. கோபமா ஒரு வார்த்தையும் வேண்டாம்.

தேதி சொல்லலைன்னா, நியாயமான காலத்துக்குள்ள செய்யணும்னு 1872 ஒப்பந்தச் சட்டத்தோட 46-ஆவது பிரிவு எடுத்துக்கும். எது நியாயமான காலம்னு சட்டத்துல எண் இல்ல. கெடு வைக்கச் சொல்றது அதுக்காகத்தான். கெடு தாண்டியும் மழுப்பினா, மறுத்துட்டாங்கன்னு நீ வாதாட ஒரு நாள் கிடைக்கும். வழக்குப் போட 3 வருஷம் உண்டு, அந்த நாள்ல இருந்து எண்ணலாம்.

இப்ப தொகை. ஆசை காட்ட மாட்டேன். லெட்டர்ல புரொபேஷன் காலத்துல எத்தனை நாள் நோட்டீஸ்ல நிறுத்தலாம்னு இருக்கும், அதைப் பாரு. 15 நாள்னு இருந்தா, சேர்ந்த மறுநாளே 15 நாள் சம்பளம் கொடுத்து அனுப்பியிருக்கலாமேன்னு எதிர்த் தரப்பு சொல்லும். கோர்ட்டும் பெரும்பாலும் அந்த அளவோட நிறுத்திக்கும். மாசம் 30,000-ன்னா அது 15,000. பிஜி 7,000-ஐயும் கேட்டுப் பார்க்கலாம். ஒரு வருஷச் சம்பளம் வாங்கித் தர்றேன்னு எவனாச்சும் சொன்னா எழுந்து வந்துடு.

இன்னொண்ணு. நஷ்டத்தைக் குறைக்க நீயும் முயற்சி பண்ணியிருக்கணும்னு 73-ஆவது பிரிவோட விளக்கம் சொல்லுது. பாம்பன் தம்பி தூத்துக்குடி வாசல்ல இருந்து திரும்பினது சட்டத்துக்காகவும் இல்ல, நியாயத்துக்காகவும் இல்ல. தம்பி, யாரும் சொல்லித் தரல உங்களுக்கு. அந்த வேலையில சேர்ந்திருந்தா உங்க ஒப்பந்தம் உடைஞ்சிருக்காது.

தொண்டிக்காரி

வக்கீல் சார் சொல்றதெல்லாம் கையில காகிதம் இருக்கிறவங்களுக்கு. என் கதை வேற. நானும் ஏத்துக்கிட்டேன், போர்ட்டல்ல பட்டன் அழுத்தினேன். ஆறு மாசம் கழிச்சு உள்ள போனா 'உங்கள் கணக்கு செயலில் இல்லை'. லெட்டர் அந்த போர்ட்டலுக்குள்ளதான் இருந்துச்சு, இறக்கி வைக்கல. மெயில் எல்லாம் காலேஜ் ஐடிக்கு வந்தது, படிப்பு முடிஞ்சதும் காலேஜ் அதை மூடிட்டாங்க. ராத்திரி 11 மணிக்கு அம்மா தூங்குறாங்க, நான் அந்தப் பாஸ்வேர்டை 20 தடவை அடிச்சுப் பார்த்திருப்பேன். அந்தச் சிவப்பு எழுத்து இன்னும் கண்ணுல நிக்குது.

அதனால இன்னைக்கே செய். லெட்டரை பிடிஎஃப்-ஆ இறக்கு. போர்ட்டல்ல 'ஏற்கப்பட்டது'ன்னு இருக்கிற பக்கத்தைத் தேதி தெரியுற மாதிரி படம் எடு. காலேஜ் மெயில்ல உள்ளதை உன் சொந்த மெயிலுக்கு பார்வர்டு பண்ணு. பார்வர்டு பண்ணினது மட்டும் போதாது, ஒவ்வொரு மெயிலையும் `.eml` பைலா இறக்கு. ஜிமெயில்னா மூணு புள்ளியைத் தொட்டா "Download message"-னு வரும், போன்ல வரலைன்னா கம்ப்யூட்டர்ல பாரு. ஸ்கிரீன்ஷாட்டை யாரும் மாத்தலாம்னு சொல்லுவாங்க, அந்த பைல்ல எங்கிருந்து எப்ப கிளம்புச்சுன்னு உள்ளயே இருக்கும். கல்விக் கடன் இருந்தா அதையும் பாரு. பெரும்பாலும் படிப்பு முடிஞ்சு ஒரு வருஷத்துல தவணை ஆரம்பிச்சிரும். கம்பெனி தள்ளினதுக்காக பேங்க் தள்ளாது. வட்டி இப்பவே ஓடிக்கிட்டுதான் இருக்கும். மேனேஜரை முன்கூட்டியே போய்ப் பாரு.

ஆனா ஒண்ணு. சார் சொல்ற மாதிரி "ஒப்புக்கல"ன்னு எழுதினா, இந்தப் பிள்ளை பிரச்சனை பண்ணும்னு பட்டியல்ல இருந்து எடுத்துற மாட்டாங்களா? எனக்கு அந்தப் பயம் இருக்கு.

கேணிக்கரை வக்கீல்

பயம் நியாயம்தான் தங்கச்சி. எடுக்க மாட்டாங்கன்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனா எடுத்தா அது எழுத்துல ஒரு மறுப்பு. தேதி இல்லாத மெயில்ல எதுவுமே இல்ல.

பாம்பன் காத்து

சார், நான் கேட்டது வேற வக்கீலை, அவர் உங்க மாதிரி எடுத்துச் சொல்லல. ஆனா 15,000-க்காக சென்னைக்கு எத்தனை வாய்தா அலையுறது? லெட்டர்ல சென்னைக் கோர்ட்டுதான்னு போட்டிருந்தா இங்க வழக்கே போட முடியாதே. அப்ப நடைமுறையில பேப்பர்தானே?

கேணிக்கரை வக்கீல்

அந்த வரி இருந்தா சென்னைதான், பெரும்பாலும் தப்பிக்க முடியாது. அலைச்சல் கணக்கு பார்த்தா நீங்க சொல்றது சரி. அதனாலதான் வழக்குக்கு முந்தின கட்டத்துலயே முடிக்கப் பார்க்கச் சொல்றேன். பொண்ணு, பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு. ராமநாதபுரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல போய் நோட்டீஸ் அனுப்ப உதவி கேளு, 15100-க்குப் போன் பண்ணியும் கேட்கலாம்.

தங்கச்சிமடம் பொண்ணு

லெட்டரை இப்பத்தான் முழுசாப் படிச்சேன். கையெழுத்துப் போடும்போது சம்பளப் பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கேன். புரொபேஷன்ல 15 நாள் நோட்டீஸ்னு இருக்கு. சென்னைக் கோர்ட்டுன்னும் இருக்கு. தேதிக்கு முன்னாடி 'உத்தேசமாக'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. அது இருந்தா எல்லாம் போச்சா சார்?

கேணிக்கரை வக்கீல்

போகல, ஆனா பலவீனம். 'உத்தேசம்'னா சில வாரம் முன்ன பின்ன ஆகலாம். தேதியே இல்லாம ஆக்கலாமான்னு கேட்டா, ஆகாதுன்னு நான் வாதாடுவேன். எதிர்ல நிக்கிறவர் ஆகும்பார். ஒரு நீதிபதி என்ன சொல்வார்னு இங்க உட்கார்ந்து என்னால சொல்ல முடியாது. ஆனா உன் பதில்ல அந்த வார்த்தையைத் தொடாதே. அக்டோபர் 6-ஐ எழுதினது அவங்க, அதை மட்டும் பிடிச்சுக்கோ.

தங்கச்சிமடம் பொண்ணு

காலையில 10.12-க்கு மெயில் அனுப்பிட்டேன், 15 நாள் கெடு வச்சு. எல்லா பைலும் இறக்கியாச்சு, தொண்டி அக்காவுக்கு நன்றி. இன்னும் பதில் இல்ல. பாம்பன் அண்ணே, மண்டபத்துல ஒரு இறால் குஞ்சுப் பண்ணையில கணக்குக்கு ஆள் கேட்கிறாங்க. நாளைக்கு உள்ள போய் மேனேஜரைப் பார்க்கிறேன்.